ஊசி குத்தினால் முதல் மாத்திரை முதலில்

மருத்துவமனை வார்டுகளிலும் அறுவை அரங்குகளிலும் ஆய்வகங்களிலும் குப்பைப் பைகளைக் கட்டி எடுத்துச் செல்லும் அக்காமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

நான் தொற்றுத் தடுப்புப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர். உங்களில் சிலர் "சிஸ்டர், ஊசி குத்திடுச்சு" என்று விரலைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறீர்கள். இன்னும் பலர் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, புடவைத் தலைப்பில் ரத்தத்தைத் துடைத்துவிட்டு அடுத்த பையைத் தூக்கியிருக்கிறீர்கள். வராமல் போனவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்து ஒன்று இருக்கிறது. அதை மூன்று நாளுக்குள் தொடங்க வேண்டும். அந்த மூன்று நாள் உங்களில் பலருக்கு யோசனையிலேயே கழிந்துவிடுகிறது.

உங்களுக்கு ஊசி குத்துவதற்கு எங்கள் கைதான் பெரும்பாலும் காரணம். போட்டு முடித்த ஊசியை அங்கேயே, அப்போதே, குத்தினாலும் துளை விழாத வெள்ளைப் பெட்டிக்குள் போட வேண்டியது ஊசி போட்டவரின் வேலை. அவசரத்தில் யாரோ அதை மஞ்சள் பையில் பஞ்சோடு சேர்த்து எறிகிறார்கள். பையின் வாயைக் கட்டும்போது அது உங்கள் விரலில் ஏறுகிறது. ஆகவே ஊசி குத்தியது உங்கள் கவனக்குறைவு என்று எந்த மேற்பார்வையாளர் சொன்னாலும் அதை நம்பி ஒளிக்காதீர்கள்.

குத்தியவுடன் செய்ய வேண்டியது சிறிய வேலை. கையுறையைக் கழற்றிவிட்டு, குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விரலை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டாம். ரத்தம் வரட்டும் என்று அழுத்திப் பிழியவும் வேண்டாம். பிழிந்தால் தசை நசுங்கிப் புண்தான் பெரிதாகும். பினாயில், பிளீச்சிங் பவுடர், ஸ்பிரிட் எதையும் காயத்தில் ஊற்றாதீர்கள். கண்ணில் ரத்தம் தெறித்திருந்தால் பத்து நிமிடம் போலச் சுத்தமான தண்ணீரோ சலைனோ விட்டுக் கழுவுங்கள். கழுவி முடித்த கையோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நடந்துவிடுங்கள்.

நடக்கும்போது மனசு என்னென்னவோ நினைக்கும். அதனால் உண்மையான அளவைச் சொல்லிவிடுகிறேன். எச்.ஐ.வி. இருக்கிறது என்று உறுதியான ஒருவரின் ரத்தம் பட்ட ஊசி 1000 பேரைக் குத்தினால், மருந்தே எடுக்காவிட்டாலும் சுமார் 3 பேருக்குத்தான் தொற்றும். கண், வாய் போன்ற இடங்களில் தெறித்தால் அதைவிடக் குறைவு, 1000-க்கு ஒருவர் கூட இல்லை. நோயாளியின் வியர்வை, சிறுநீர், மலம், எச்சில் கையில் பட்டால், அதில் ரத்தம் கலந்திருப்பது கண்ணுக்குத் தெரியாத வரைக்கும், இந்த மருந்துக்கு அவசியமே இல்லை. காயமில்லாத தோலில் ரத்தம் பட்டாலும் கழுவினால் போதும்.

ஆனால் எல்லாக் குத்தலும் ஒன்றில்லை. ஊசி குத்திய மருத்துவப் பணியாளர்களை வைத்து 1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆபத்தைக் கூட்டும் நான்கு விஷயங்களைக் காட்டியது: ஆழமாகக் குத்துவது, ஊசியில் கண்ணுக்குத் தெரியும் ரத்தம் இருப்பது, அந்த ஊசி நோயாளியின் ரத்தக் குழாய்க்குள் இருந்து வந்தது, நோயாளி நோய் முற்றிய நிலையில் இருந்தது. அதே ஆய்வில், அந்தக் காலத்து ஒற்றை மருந்தான ஜிடோவுடினை எடுத்தவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு சுமார் 81 சதவீதம் குறைந்திருந்தது. இன்று கொடுப்பது மூன்று மருந்துகளின் கூட்டு. நூற்றுக்கு நூறு என்று யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் நேரத்தில் தொடங்கி முழுதாக முடித்தவருக்குத் தொற்றுவது மிக அரிது.

ஏன் மூன்று நாள்? வைரஸ் உள்ளே போனதும் உடனே உடம்பு முழுக்கப் பரவிவிடுவதில்லை. நுழைந்த இடத்துச் செல்களில் முதலில் தங்கி, அங்கிருந்து ஓரிரு நாளில் அருகிலுள்ள நெறிக்கட்டுகளுக்குப் போய், பிறகுதான் ரத்தத்தில் பெருகுகிறது. நம் செல்லின் மரபணுவோடு அது தன்னைப் பிணைத்துக்கொண்டு நிலைபெற்றுவிட்டால் பிறகு வெளியேற்ற வழியில்லை. அதற்கு முன்னால் கிடைக்கும் சிறிய இடைவெளியில்தான் இந்த மருந்து வேலை செய்கிறது. இதைப் போன்ற வைரஸைக் குரங்குகளுக்குச் செலுத்தி நடத்திய ஆய்வு 1998-இல் வெளியானது. 24 மணி நேரத்தில் தொடங்கி 28 நாள் மருந்து பெற்ற குரங்குகளுக்குத் தொற்றவில்லை. 48, 72 மணி நேரம் என்று தள்ளிப்போகப் போகவும், நாட்களைக் குறைக்கக் குறைக்கவும் பாதுகாப்பு குறைந்தது. 28 நாள் என்கிற கணக்குக்கு அடிப்படை அதுதான். இரண்டு மணி நேரத்துக்குள் முதல் மாத்திரை விழுவது நல்லது. 72 மணி நேரம் என்பது கதவு சாத்தும் நேரம். மூன்று நாள் இருக்கிறதே என்று இரண்டு நாள் பொறுத்திருப்பவர் அந்த இரண்டு நாளையும் வைரஸுக்குக் கொடுத்துவிடுகிறார்.

இனி ஓர் அக்காவின் கதை. பெயரும் ஊரும் வேண்டாம்.

சனிக்கிழமை மாலை ஆறரை மணி. பொது மருத்துவ வார்டிலிருந்து வந்த மஞ்சள் பையை அமுக்கிக் கட்டும்போது, கையுறையையும் மீறி வலது கை ஆள்காட்டி விரலில் ஊசி ஏறியது. எடுத்துப் பார்த்தால் ஊசியின் அடியில் சிவப்பாக ரத்தம். கழுவினார். மேற்பார்வையாளரிடம் சொன்னார். "திங்கட்கிழமை பாத்துக்கலாம்" என்று பதில். ஞாயிறு அவருக்கு வார விடுப்பு. பிள்ளைகளிடமோ கணவரிடமோ சொல்லவில்லை. இரண்டு இரவும் தூங்கவில்லை. திங்கள் காலை ஒன்பது மணிக்கு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

முதலில் மணிக்கணக்கைப் பார்த்தோம். சனி ஆறரையிலிருந்து திங்கள் ஒன்பது வரை முப்பத்தெட்டரை மணி நேரம். செவ்வாய் மாலை ஆறரைக்கு வாசல் சாத்தும். நேரம் இருந்தது, வீணாக்கத்தான் இல்லை.

யாருடைய ஊசி என்று தெரியுமா என்பது அடுத்த கேள்வி. தெரியாது. பையில் வார்டின் பெயர்ச் சீட்டு இருந்தது, அவ்வளவுதான். அந்த ஊசியைக் கொண்டு வந்தால் சோதித்துச் சொல்ல முடியுமா என்று அக்கா கேட்டார். ஊசியைச் சோதிப்பதில்லை; அதில் வரும் முடிவை நம்பவும் முடியாது, இன்னொருவரைக் குத்தவும் வாய்ப்பு. குத்தியது யாருடைய ஊசி என்று தெரிந்திருந்தால் வேலை வேறுமாதிரி நடக்கும். அந்த நோயாளியிடம் விஷயத்தைச் சொல்லி, சம்மதம் வாங்கி, விரைவுச் சோதனை செய்தால் கொஞ்ச நேரத்தில் முடிவு வந்துவிடும். அவருக்கு எச்.ஐ.வி. இல்லை, அண்மையில் தொற்றியிருக்கும் அறிகுறியும் இல்லை என்றால் நாம் மருந்தை அத்தோடு நிறுத்திவிடலாம். அவர் ஏற்கெனவே கூட்டு மருந்து எடுப்பவர் என்றால், அது எந்த மருந்து, ஒழுங்காக எடுத்தாரா என்று மருத்துவர் பார்ப்பார். ஆனால் இதில் எதற்காகவும் முதல் மாத்திரை காத்திருக்கக் கூடாது.

யாரென்று தெரியாத ஊசி குத்திய எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு மருந்து கொடுப்பதில்லை. அக்காவுக்கு மருத்துவர் எடைபோட்டது இவற்றை: உள்ளே துளையுள்ள ஊசி, கண்ணுக்குத் தெரிந்த ரத்தம், கையுறை கிழிந்து ரத்தம் வருமளவுக்கு ஆழம், பலவகை நோயாளிகள் படுத்திருக்கும் வார்டு. வெறுமனே தோல் கீறியிருந்தாலோ, நோயாளிக்குப் போடாமல் மருந்துப் புட்டியில் மருந்து எடுக்க மட்டும் குத்திய ஊசி என்று தெரிந்திருந்தாலோ வேண்டாம் என்றே சொல்லியிருப்பார். இருபக்கத்தையும் அக்காவிடம் விளக்கிவிட்டு, "எடுக்கலாம் என்று நினைக்கிறேன், நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். முடிவு அக்காவுடையது. வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. அப்படிச் சொன்னாலும் பின்னால் வரும் சோதனைகள் அவருக்கு உண்டு.

அக்கா தயங்கினார். பெரிய நோய்க்கான மாத்திரையைப் போட்டால் அந்த நோயே வந்த மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம். நான் அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இன்றைக்குத் தொடங்கினால் நாளைக்கு வேண்டாம் என்று நிறுத்திக்கொள்ள முடியும். இன்றைக்கு விட்டுவிட்டு வியாழக்கிழமை தொடங்க முடியாது. முடிவெடுக்கத் தடுமாறும்போது முதல் மாத்திரையை விழுங்கிவிட்டு அப்புறம் உட்கார்ந்து யோசிப்பதுதான் சரி. ஒன்பதே முக்காலுக்கு அவர் அதை விழுங்கினார்.

அதற்குப் பிறகுதான் ரத்தம் எடுத்தோம். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின். குத்திய மூன்றாம் நாளே எச்.ஐ.வி. சோதனை எதற்கு என்று கேட்பீர்கள். இந்த ஊசியால் தொற்றியதா என்பதை அது காட்டாது. அதற்கு முன்பே இருந்ததா என்பதைத்தான் காட்டும். முன்பே இருந்திருந்தால் வேண்டியது 28 நாள் தடுப்பு மருந்து இல்லை, தொடர் சிகிச்சை. மஞ்சள் காமாலை பி-க்கும் இதில் பங்கு உண்டு. நாம் கொடுக்கும் மாத்திரையில் உள்ள இரண்டு மருந்துகள் அந்த வைரஸையும் அடக்கும். ஒருவருக்கு அது ஏற்கெனவே இருந்து, 28 நாள் கழித்து மருந்தை நிறுத்தினால் கல்லீரல் பாதிப்பு திடீரென்று கிளம்பலாம். அதனால் அது தெரிந்தாக வேண்டும்.

மஞ்சள் காமாலை பி பற்றி ஒரு வார்த்தை இங்கேயே. தடுப்பூசி போடாத ஒருவருக்கு, அந்த வைரஸ் உள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 100-க்கு 6 முதல் 30 வரை. எச்.ஐ.வி.யைவிடப் பல மடங்கு. எச்.ஐ.வி.க்குப் பயந்து ஓடி வரும் நீங்கள் இதை யாரும் நினைவூட்டாமல் திரும்பிப் போகிறீர்கள். அக்கா அந்தத் தடுப்பூசியைப் போட்டதே இல்லை. அன்றே முதல் ஊசி போட்டோம். எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி கிடையாது, இதற்கு இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த அன்றே போட்டிருக்க வேண்டியது.

மருந்து என்பது ஒரே மாத்திரை. டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம், மூன்றும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஒன்று, தினமும் ஒரே நேரத்தில், 28 நாள். சாப்பாட்டுக்கு முன்னாலும் எடுக்கலாம், பின்னாலும் எடுக்கலாம். முதல் மாத்திரை அவசர சிகிச்சைப் பிரிவில் கிடைக்கும். மீதியைக் கூட்டு மருந்து மையத்தில் வாங்க வேண்டும். முதல் மாத்திரையோடு பயம் தெளிந்து, மீதியை வாங்கப் போகாமல் இருந்துவிடுபவர்கள் உண்டு. ஒரு மாத்திரை உங்களைக் காப்பாற்றாது.

முதல் வாரம் அக்காவுக்குக் குமட்டலும் தலைவலியும் இருந்தன. ராத்திரி பத்து மணிக்கு மாத்திரை போட்டுவிட்டு விடிய விடிய விழித்துக் கிடந்தார். மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்குப் பின் மாற்றச் சொன்னோம், தூக்கம் திரும்பியது. குமட்டல் பத்து நாளில் அடங்கியது. பெரும்பாலானவர்களுக்கு இவ்வளவுதான். கண் மஞ்சளாவது, சிறுநீர் குறைவது, உடம்பெல்லாம் கொப்பளத்தோடு தடிப்பது, இவற்றில் ஒன்று வந்தால் மட்டும் அன்றே வந்து காட்டுங்கள்.

அக்காவிடம் நாங்கள் கேட்காமல் விட்டிருந்தால் கெட்டுப்போயிருக்கும் ஒன்று இருந்தது. ரத்தசோகைக்கு அவர் தினமும் இரும்புச் சத்து மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். வயிறு எரிந்தால் கடையில் ரோஸ் நிற டானிக் வாங்கி இரண்டு மூடி குடிப்பார். இரும்பு, கால்சியம், அந்த டானிக்கில் இருக்கும் அலுமினியம், மக்னீசியம் எல்லாமே வயிற்றுக்குள் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு ரத்தத்துக்குப் போகவிடாமல் செய்துவிடும். மாத்திரையை ஒழுங்காக விழுங்கியும் பலன் பாதியாகும், வெளியே எந்த அடையாளமும் தெரியாது. அந்த டானிக்கைக் குடிப்பதென்றால் எச்.ஐ.வி. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும். டானிக்கை முதலில் குடித்துவிட்டால் மாத்திரைக்கு ஆறு மணி நேரம் பொறுக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் அதே இடைவெளி போதும். அக்கா காலையில் எச்.ஐ.வி. மாத்திரையையும் ராத்திரியில் இரும்பையும் எடுத்தார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், காசநோய் மருந்து, வலிப்பு மருந்து எடுப்பவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அளவை மாற்ற வேண்டியிருக்கும். கர்ப்பிணிகளுக்கும் இந்த மருந்து கொடுக்கலாம். பால் கொடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் மறந்துவிட்டால், நினைவு வந்ததும் போடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம், ஒன்றுதான். மறந்துவிட்டோமே, இனி எதற்கு என்று மொத்தமாக நிறுத்திவிடாமல் மையத்துக்கு ஒரு போன் போடுங்கள்.

மாத்திரை முடிந்த பிறகும் சோதனை பாக்கி. ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம் என்று மூன்று முறை நம்பிக்கை மையத்தில் ரத்தம் கொடுக்க வேண்டும். அதுவரை கணவன் மனைவிக்குள் ஆணுறை வேண்டும், ரத்த தானம் கூடாது. அக்காவுக்குக் கடினமாக இருந்தது மாத்திரை இல்லை, இதுதான். வீட்டில் என்ன சொல்வது? நம்பிக்கை மையத்து ஆலோசகர் கணவரையும் வரச் சொல்லி, ஊசி குத்திய கதையை முதலிலிருந்து அவரே எடுத்துச் சொன்னார். பாதி சந்தேகம் அங்கேயே கரைந்தது. இந்த நாட்களில் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு, கழுத்தில் நெறிக்கட்டு எல்லாம் சேர்ந்து வந்தால் தவணைக்குக் காத்திராமல் வந்து சோதித்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு மூன்று சோதனையிலும் எச்.ஐ.வி. இல்லை.

இதே மருந்தும் இதே 72 மணி நேரமும் ஊசிக்கு மட்டும் உரியவை இல்லை. ஆணுறை கிழிந்துபோனவர்களுக்கும், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் பொருந்தும். உங்கள் தெருவிலோ வீட்டிலோ யாருக்காவது அப்படி நேர்ந்து உங்களிடம் வந்து அழுதால், விசாரித்துக்கொண்டிருக்காமல் அரசு மருத்துவமனை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

உங்களில் பலர் வராததற்குக் காரணம் நோய்ப் பயத்தைவிட வேலைப் பயம் என்று எனக்குத் தெரியும். காண்டிராக்டில் இருக்கிறோம், சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்று நினைக்கிறீர்கள். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. மருத்துவமனை தன்னிடம் வேலை செய்யும், இந்த ஆபத்துக்கு ஆளாகும் எல்லோருக்கும் இந்த மருந்தைக் கொடுத்தாக வேண்டும். நிரந்தரப் பணியா, காண்டிராக்டா என்று அது பிரிக்கவில்லை. சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது. முடிவை உங்கள் அனுமதியின்றி மேற்பார்வையாளருக்கோ காண்டிராக்டருக்கோ சொல்லக் கூடாது. விபத்துப் பதிவேட்டில் எழுதுவது ஊசி குத்தியது என்பதை மட்டும்தான். சோதனை முடிவு அதில் வராது. அந்தப் பதிவை விடாதீர்கள். எந்த வார்டுப் பை, எந்த நாள், எத்தனை மணி என்று மூன்றும் அதில் இருக்கட்டும். பின்னால் ஏதேனும் ஆனால் வேலை செய்யும்போது நேர்ந்தது என்பதற்கு உங்களிடம் இருக்கும் முக்கியமான சான்று அதுதான்.

இன்றைக்கு வேலைக்குப் போனதும் ஒன்றைக் கேட்டுவையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி அன்று ஊசி குத்தினால் முதல் மாத்திரை எந்த அறையில், யாரிடம் இருக்கிறது, பீரோச் சாவி யார் கையில்? அவசர சிகிச்சைப் பிரிவின் பொறுப்புச் செவிலியரிடம் கேளுங்கள். அவருக்கே தெரியவில்லை என்றால் தொற்றுத் தடுப்புப் பிரிவுக்கு வந்து சொல்லுங்கள். அதைச் சரிசெய்வது எங்கள் வேலை.

உங்கள்,
ஒரு செவிலியர்